சென்டும் குண்டாவும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்குச் செல்லும் சாலையில், உத்தனப்பள்ளி என்னும் ஊர் அமைந்துள்ளது. சுற்றிலும் செம்மண் நிலங்கள். தக்காளி, முட்டைக்கோசு, ரோசா முதலியன அப்பகுதியில் பயிராகின்றன. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழியும் அங்குள்ள சந்தைகளில் ஒலிக்கும். கருநாடக எல்லை தொலைவில் இல்லை. ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியபின், தொழிற்சாலைகள் பெருகின. அவற்றோடு மனைகளை நாடி வருவோரும் பெருகினர். பெங்களூரிலிருந்து வருவோர் ஒரு கணக்கில் நிலத்தைப் பேசுவர். சென்னையிலிருந்து வருவோர் மற்றொரு கணக்கில் பேசுவர். உள்ளூர் உழவரோ தம் முன்னோர் பேசிய கணக்கிலேயே பேசுவர். ஒருவர் குண்டா என்பார். ஒருவர் கிரவுண்டு என்பார். ஒருவர் சென்டு என்பார். விலை பேசுமுன் இம்மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரத் தெரியாதவர், தம் நிலத்தின் ஒரு பகுதியைத் தாமறியாமலே இழக்க நேரும்.

அடுத்தடுத்துள்ள ஊர்களில் அளவைகள் வேறுபட்டமைக்கு வரலாறே காரணம். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், ஓசூர்ப் பகுதி ஆங்கிலக் கம்பெனியாரின் ஆட்சிக்கு உட்பட்டுச் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தது. எல்லைக்கு அப்பாலுள்ள நாடு மைசூர் அரசர்க்கு உரியதாயிற்று. சென்னை மாகாணத்து நில அளவையாளர் ஏக்கரை நூறு கூறாக்கிச் சென்டு எனக் குறித்தனர். மைசூர் நாட்டிலோ பம்பாய் மாகாணத்தின் முறை பின்பற்றப்பட்டது. அங்கு ஏக்கரை நாற்பது கூறாக்கிக் குண்டா எனக் குறித்தனர். சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் தருமபுரி மாவட்டமும், அதிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தன. மாவட்டங்களின் பெயர்கள் மாறினும், அளவைகள் அவ்வவ்விடத்திலேயே நிலைத்து நின்றன.

இவ்விரண்டு அளவைகளும் வேறு வேறாகத் தோன்றினும், பிறந்த இடம் ஒன்றே. எட்மண்டு கண்டர் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1620ஆம் ஆண்டளவில் நிலம் அளப்பதற்கென ஒரு சங்கிலியை அமைத்தார். அதன் நீளம் 66 அடி. அதில் நூறு கண்ணிகள் உண்டு. நீளம் ஒரு சங்கிலியும் அகலம் ஒரு சங்கிலியுமாக உள்ள நிலத்தின் பரப்பு, 66ஐ 66ஆல் பெருக்க, 4,356 சதுர அடி ஆகும். அத்தகைய சதுரங்கள் பத்து சேர்ந்தது ஓர் ஏக்கர். எனவே ஓர் ஏக்கர் 43,560 சதுர அடியாகும்.

இவ்வேக்கரை நூறாகப் பகுத்தால் ஒரு பங்கு 435.6 சதுர அடி. அதுவே ஒரு சென்டு. நீளமும் அகலமும் ஏறத்தாழ 21 அடியுள்ள ஒரு சிறு சதுரத்தை மனத்தில் கொண்டால், ஒரு சென்டின் பரப்பு விளங்கும். குண்டாவுக்கோ சங்கிலியில் பாதியை எடுத்துக்கொண்டனர். 33 அடி நீளமும் 33 அடி அகலமும் உடைய நிலம் ஒரு குண்டா. அதன் பரப்பு 1,089 சதுர அடி. அத்தகைய நான்கு குண்டாக்களைச் சேர்த்தால் ஒரு சங்கிலிச் சதுரம் நிரம்பும். பத்துச் சங்கிலிச் சதுரம் ஓர் ஏக்கராதலால், நாற்பது குண்டா ஓர் ஏக்கர் ஆயிற்று. ஒரு சங்கிலிச் சதுரத்தைத் தமிழகத்தார் பத்துச் சென்டு என்பர். கருநாடகத்தார் நான்கு குண்டா என்பர். ஆகவே ஒரு குண்டா சரியாக இரண்டரைச் சென்டு. இதில் தோராயம் சிறிதும் இல்லை.

கிரவுண்டு என்பது இச்சங்கிலியோடு தொடர்பில்லாத அளவை. அது சென்னை, செங்கற்பட்டுப் பகுதியின் பழைய மனைக் கணக்கு. 60 அடி நீளமும் 40 அடி அகலமுமாக 2,400 சதுர அடி கொண்டது ஒரு மனை. இருபத்துநான்கு மனை ஒரு காணி. அம்மனையே இன்று கிரவுண்டு எனப்படுகின்றது. வேறோர் அளவுகோலில் பிறந்ததாதலால், அது ஏக்கருக்குள் முழுமையாக அடங்குவதில்லை. 43,560ஐ 2,400ஆல் வகுத்தால் 18.15 கிடைக்கும். ஓர் ஏக்கருக்குப் பதினெட்டுக் கிரவுண்டு என்று பேசுவோர் 360 சதுர அடியை விட்டுவிடுகின்றனர். அவ்வாறே ஒரு கிரவுண்டு ஐந்தரைச் சென்டு என்பது பேச்சு வழக்கு. நுட்பமாகக் கூறின் அது 5.51 சென்டு. பெங்களூரில் அறுபதுக்கு நாற்பது என வழங்கும் மனையும் 2,400 சதுர அடியே. பெயர் வேறாயினும், அதுவும் சென்னைக் கிரவுண்டும் பரப்பில் ஒன்றே.

இவ்வளவைகள் வாழ்க்கையில் எவ்வாறு குறுக்கிடுகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். உத்தனப்பள்ளியில் முதிய உழவர் ஒருவர் இருக்கிறார் எனக் கொள்க. கிணற்றில் நீர் வற்றிய நிலத்தில் ஒரு பகுதியை விற்று, அப்பணத்தால் இளைய மகனுக்கு ஒரு வீட்டுமனை வாங்க அவர் எண்ணுகிறார். மூன்று மனைகள் விலைக்கு வருகின்றன. முதல் மனை உள்ளூரிலேயே இருக்கின்றது, பன்னிரண்டு சென்டு, சென்டு 3,20,000 ரூபாய். இரண்டாவது எல்லைக்கு அப்பால், ஆனேக்கல் வட்டத்தில் உள்ளது; ஐந்து குண்டா; குண்டா 7,40,000 ரூபாய். மூன்றாவது ஓசூர்ப் பக்கத்தில், சென்னையில் வாழும் ஒருவர்க்கு உரியது, இரண்டு கிரவுண்டு, கிரவுண்டு 17,00,000 ரூபாய். இவ்விலைகள் கணக்கின்பொருட்டுக் கொள்ளப்பட்டவையே.

முதியவர் மூன்றையும் ஒரு தாளில் எழுதிவைத்து நெடுநேரம் நோக்கினார். பிறகு பத்தாம் வகுப்பில் படிக்கும் தம் பேத்தியை அழைத்தார்.

"கண்ணு, சென்டு மூன்றேகால் இலட்சத்துக்கும் குறைவு. மற்றவை ஏழு இலட்சம், பதினேழு இலட்சம் என்கிறார்கள். நம் ஊர் மனைதானே மலிவு?" என்றார்.

"தாத்தா, சென்டு சிறியது, கிரவுண்டு பெரியது. சிறிய படியின் விலையைப் பெரிய மரக்காலின் விலையோடு ஒப்பிடலாமா?" என்றாள் பேத்தி.

"அப்படியானால் மொத்த விலையைப் பார்ப்போம். உள்ளூர் மனை 38,40,000. குண்டா மனை 37,00,000. கிரவுண்டு மனை 34,00,000. கிரவுண்டுதான் குறைவு."

"மொத்த விலை குறைவுதான். ஆனால் மூன்றும் ஒரே பரப்புள்ள மனைகளா என்று பார்க்கவேண்டும், தாத்தா" என்று கூறி, அவள் கணக்கிடத் தொடங்கினாள்.

பன்னிரண்டு சென்டை 435.6ஆல் பெருக்கினாள்; 5,227.2 சதுர அடி. ஐந்து குண்டாவை 1,089ஆல் பெருக்கினாள். 5,445 சதுர அடி. இரண்டு கிரவுண்டு 4,800 சதுர அடி. மூன்றும் இப்போது ஒரே அளவையில் வந்துவிட்டன. பின்னர் ஒவ்வொன்றின் மொத்த விலையையும் அதன் பரப்பால் வகுத்தாள். உள்ளூர் மனை சதுர அடிக்கு ஏறத்தாழ 735 ரூபாய். கிரவுண்டு மனை 708 ரூபாய். குண்டா மனை 680 ரூபாய். சென்டின் விலையை மட்டும் பார்த்தபோது மலிவாகத் தோன்றிய மனையே உண்மையில் மிகுதியான விலையுடையதாக நின்றது. மொத்த விலையில் குறைந்ததாகத் தோன்றிய மனை நடுவில் நின்றது.

"சதுர அடி எனக்குப் பழக்கமில்லை, அம்மா. சென்டிலேயே சொல்ல முடியாதா?" என்று முதியவர் கேட்டார்.

"முடியும், தாத்தா. ஐந்து குண்டா என்றால் பன்னிரண்டரைச் சென்டு. உள்ளூரில் பன்னிரண்டு சென்டுக்கு 38,40,000 கேட்கிறார்கள். அங்கே பன்னிரண்டரைச் சென்டுக்கு 37,00,000 கேட்கிறார்கள்" என்றாள் பேத்தி. முதியவர்க்கு உடனே விளங்கிற்று.

இக்கணக்கில் பின்பற்றப்பட்ட முறையைக் கவனிக்கவேண்டும். ஓர் அளவையிலிருந்து மற்றோர் அளவைக்கு நேரே தாவாமல், ஒவ்வொன்றையும் முதலில் சதுர அடிக்குக் கொணர்ந்து, அதன் பின்னரே ஒப்பிடுதல் வேண்டும். இடையில் எண்களைச் சுருக்குதலும் கூடாது. 435.6 என்பதை 435 எனக் கொண்டால் ஒரு சென்டில் அரை அடிக்குச் சற்று மேல்தான் குறையும். ஓர் ஏக்கரிலோ 60 சதுர அடி குறைந்துவிடும். கணக்கு முற்றிலும் முடிந்த பின்னரே விடையைச் சுருக்கி எழுதலாம்.

சுருக்கத்தால் வரும் பிழை சிறிது. எழுதும் முறையால் வரும் பிழையோ மிகப் பெரிது. தமிழகத்து உழவர் தம் நிலத்தை 1-20 என்று எழுதினால், அஃது ஓர் ஏக்கர் இருபது சென்டு. கருநாடகத்தில் பஹணி எனப்படும் நிலப் பதிவேட்டில் 1-20 என்று இருந்தால், அஃது ஓர் ஏக்கர் இருபது குண்டா. இருபது குண்டா அரை ஏக்கராதலால், அந்நிலத்தின் பரப்பு 1.50 ஏக்கராகும். எண்கள் ஒன்றே, நிலங்கள் வேறு. எல்லைக்கு அப்பால் தாய்வழி நிலம் உடைய உத்தனப்பள்ளிக் குடும்பம் ஒன்று, அதனை விற்பதற்காக 1.20 ஏக்கர் என்று எழுதிவிட்டால், முப்பது சென்டு நிலம் கணக்கிலிருந்து மறைந்துபோகும். முப்பது சென்டு என்பது 13,068 சதுர அடி. ஏறத்தாழ ஐந்தரைக் கிரவுண்டு. வாங்குவோர் ஏமாற்றவேண்டியதில்லை, விற்போரின் எழுதுகோலே அவரை ஏமாற்றிவிடும்.

இப்பிழையைக் கண்டறிய ஒரு குறிப்பு உண்டு. நாற்பது குண்டா சேர்ந்தால் ஓர் ஏக்கராகிவிடுவதால், குண்டாக் கணக்கில் இரண்டாம் எண் 39க்கு மேல் செல்லாது. சென்டுக் கணக்கில் அது 99 வரை செல்லும். ஆகவே 1-65 என்று இருந்தால் அது குண்டாவாக இருக்க முடியாது. ஆனால் 1-20 என்பதுபோல் நாற்பதுக்குக் குறைந்த எண் இருப்பின், எண்ணைப் பார்த்து மட்டும் எதனையும் முடிவு செய்ய இயலாது. அந்த ஏடு எந்த மாநிலத்தது, பத்தியின் தலைப்பில் எவ்வளவை எழுதப்பட்டுள்ளது என்பவற்றை நோக்கவேண்டும். சென்டுக் கணக்கிலும் ஓர் எச்சரிக்கை தேவை. ஓர் ஏக்கர் ஐந்து சென்டு என்பதை 1.05 என்று எழுதவேண்டும். 1.5 என எழுதினால் அஃது ஒன்றரை ஏக்கராகிவிடும்.

இவற்றினும் நுண்ணிய மயக்கம் ஒன்று தமிழகத்துப் பட்டாவிலேயே உண்டு. மெட்ரிக் அளவைகளுக்கென 1956இல் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. நிலப் பதிவேடுகளும் காலப்போக்கில் அம்முறைக்கு மாறின. இன்று பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்னும் அளவைகளில் குறிக்கப்படுகின்றது. பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உடைய நிலம் ஓர் ஏர். நூறு ஏர் ஒரு ஹெக்டேர். ஏர் என்னும் சொல் ஏக்கர் என்பதுபோல் ஒலிப்பதாலும், சென்டைப்போலவே இரண்டாம் இடத்தில் எழுதப்படுவதாலும், பலர் இதனைச் சென்டு என்றே படித்துவிடுகின்றனர். பட்டாவில் 0-12.50 என்று இருந்தால், அது பன்னிரண்டரைச் சென்டு அன்று, பன்னிரண்டரை ஏர். ஓர் ஏர் 2.471 சென்டாதலால், அந்நிலம் ஏறத்தாழ 30.89 சென்டாகும். பன்னிரண்டரைச் சென்டு என்று நம்பி விற்பவர், தம் நிலத்தில் பாதிக்கு மேற்பட்டதை விலையின்றியே கொடுத்தவர் ஆவார்.

ஏரின் அளவை மனத்தில் இருத்திக்கொள்ள எல்லைப்புற மக்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. பத்து மீட்டர் என்பது 33 அடிக்குச் சற்றே குறைவு. ஆதலின் ஓர் ஏர் ஒரு குண்டாவுக்குச் சற்றே குறைந்தது. குண்டா 1,089 சதுர அடி. ஏர் ஏறத்தாழ 1,076 சதுர அடி. ஆகவே பட்டாவில் பன்னிரண்டரை ஏர் எனக் கண்டால், பன்னிரண்டரைக் குண்டாவுக்குச் சற்றுக் குறைவான நிலம் என்று உடனே மதிப்பிடலாம். துல்லியமான கணக்கை அதன்பின் போடலாம்.

அளவைகளைச் சரியாக மாற்றிவிட்டதனால் மட்டும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. தாளில் எழுதிய பரப்பு தரையில் இருக்கின்றதா என்பதையும் பார்க்கவேண்டும். மேற்கூறிய முதியவர் தம் மகனோடும் பேத்தியோடும் ஆனேக்கல் வட்டத்து மனைக்குச் சென்றார் எனக் கொள்க. மனை நாற்கோணமானது, மூலைகள் நேரானவை, நீளம் 99 அடி, அகலம் 55 அடி என்று விற்பவர் கூறினார். 99ஐ 55ஆல் பெருக்கினால் 5,445. ஐந்து குண்டாவுக்கும் அதுவே பரப்பு. கணக்கு ஒத்து வந்தது. ஆயினும் பேத்தி நாடாவைப் பிடித்து அளந்தபோது, வேலியிலிருந்து கல் வரை நீளம் 96 அடியே இருந்தது.

"மீதி மூன்று அடி எங்கே, ஐயா?" என்று முதியவர் கேட்டார்.

"பெரியவரே, பாதையை அகலப்படுத்தியபோது மூன்றடி விட்டுக்கொடுத்தோம். பத்திரத்தில் பழைய அளவே இருக்கிறது" என்றார் விற்பவர்.

மூன்றடி நீளத்தை 55 அடி அகலத்தால் பெருக்கினால் 165 சதுர அடி. சதுர அடி 680 ரூபாய் எனில், அவ்வளவும் ஏறத்தாழ 1,12,000 ரூபாய். பத்திரத்தில் உள்ள பரப்பும் கையில் வரும் பரப்பும் வேறுபடுவதற்கு இத்தகைய காரணங்கள் பல உண்டு. பெரிய நிலத்தை மனைகளாகப் பிரிக்கும்போது பாதைக்கும் பூங்காவுக்கும் இடம் விடவேண்டும். ஆதலால் ஓர் ஏக்கரில் 18.15 கிரவுண்டு உண்டு என்னும் கணக்கு பரப்புக்குப் பொருந்துமேயன்றி, விற்பனைக்குரிய மனைகளின் எண்ணிக்கைக்குப் பொருந்தாது. கோணலான நிலத்தில் நான்கு பக்கங்களை மட்டும் அளந்து பரப்பைக் காண்பதும் பிழையாகும். நான்கு பக்கங்களும் மாறாதிருக்கவே, நாற்கோணம் சாய்ந்து பரப்பு குறையக்கூடும். அத்தகைய நிலத்தில் எதிர் மூலைகளுக்கிடையே ஒரு கோடிட்டு, இரண்டு முக்கோணங்களாகப் பிரித்து அளப்பதே நில அளவையாளர் கொள்ளும் முறை.

முதியவர் விலையைக் குறைத்துப் பேசினார். 96 அடிக்கு 55 அடி, அதாவது 5,280 சதுர அடிக்கே விலை கொடுப்பது என இருதரப்பும் உடன்பட்டன. உடன்படிக்கை எழுதும்போது எவ்வாறு குறிப்பது என்னும் வினா எழுந்தது. ஐந்து குண்டாவுக்குச் சற்றுக் குறைவு என்று எழுதினால், பின்னர் வழக்கு வரும். பேத்தி கூறியவாறு அவர்கள் இவ்வாறு எழுதினர்: கிழக்கு மேற்கு 96 அடி, வடக்கு தெற்கு 55 அடி, பரப்பு 5,280 சதுர அடி, அதாவது 4.85 குண்டா, அல்லது 12.12 சென்டு. ஆனேக்கலில் படிப்பவர்க்குக் குண்டா விளங்கும். உத்தனப்பள்ளியில் படிப்பவர்க்குச் சென்டு விளங்கும். இரண்டும் ஒத்துள்ளனவா என ஐயுறுவோர்க்கு, அடிக்கணக்கு அங்கேயே இருக்கின்றது.